ஒன்றரை நாள் ஆயுள்: நாமக்கல் முட்டைக்குள் ஒரு தூது ஆர்.என்.ஏ.

நாமக்கல் பக்கத்துக் கூண்டுப் பண்ணையில் உருண்டு விழும் ஒரு முட்டை ஏறக்குறைய 55 கிராம் இருக்கும். அதில் வெள்ளைக்கரு மட்டும் 33 கிராம் அளவு. வெள்ளைக்கருவில் பெரும்பகுதி தண்ணீர்தான். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். அந்தப் புரதத்திலும் பாதிக்கு மேல் ஒரே சரக்கு, ஓவால்புமின். ஆக ஒரு முட்டைக்குக் கிட்டத்தட்ட 1.9 கிராம் ஓவால்புமின் வருகிறது. மூலக்கூறுகளாக எண்ணினால் இரண்டரை லட்சம் கோடி கோடி. கோழி இதை ஒருநாள் விட்டு ஒருநாள் கூட அல்ல, அநேகமாக தினமும் செய்து முடிக்கிறது.

இவ்வளவையும் செய்யச் சொல்லும் ஓவால்புமின் மரபணு, கோழியின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டே பிரதிதான் இருக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, இரண்டும் 2-ஆம் குரோமோசோமில். முட்டையிடும் காலம் வந்ததும் கோழி அந்த மரபணுவைப் பெருக்கிக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்தபோது முட்டைக்குழாய்ச் செல்லிலும் இரண்டுதான், ரத்தச் செல்லிலும் இரண்டுதான். அப்படியென்றால் பெருக்கம் எங்கே நடக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, அந்த மரபணுவிலிருந்து பிறக்கும் ஒரு தூது ஆர்.என்.ஏ.வைப் பிறப்பிலிருந்து இறப்புவரை பின்தொடர்வதே நல்ல வழி.

பிறக்கும் இடம் கோழியின் முட்டைக்குழாயில் மேக்னம் என்ற பகுதி, ஏறக்குறைய ஒரு அடி நீளம். மஞ்சள்கரு இதற்குள் சுமார் மூன்று மணி நேரம் ஊர்ந்து செல்லும். வெள்ளைக்கரு அப்போதுதான் அதைச் சுற்றி வந்து படியும். ஆனால் சுவரிலுள்ள சுரப்பிச் செல்கள் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் வேலை செய்தால் கட்டுப்படியாகாது. நாள் முழுக்கத் தயாரித்துச் சேர்த்து வைக்கின்றன. மஞ்சள்கரு கடக்கும்போது கொட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த முட்டைக்கு மறுபடி தொடங்குகின்றன.

குஞ்சாக இருக்கும்போது இந்த மரபணு வாயே திறப்பதில்லை. பதினெட்டு, இருபது வாரத்தில் சினைப்பை முதிர்ந்து ஈஸ்ட்ரஜன் ரத்தத்தில் ஏறியதும் சுரப்பிச் செல்கள் உருவாகின்றன, மரபணு விழிக்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி மரபணுவின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்து, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் கொஞ்சம் பிரித்து, ஒரு இழையை மட்டும் படித்தபடி நகர்கிறது. இதுதான் படியெடுத்தல். எதிரில் C இருந்தால் G வைக்கும், G இருந்தால் C, T இருந்தால் A. A இருக்கும் இடத்தில் மட்டும் T-க்குப் பதிலாக U. ஓவால்புமின் செய்தி தொடங்கும் இடத்தில் அது இப்படி இருக்கும்:

```
வார்ப்புரு இழை    3' TAC CCG AGG TAG CCA 5'
தூது ஆர்.என்.ஏ.   5' AUG GGC UCC AUC GGU 3'
```

இந்த வேலையில் ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து என்ற கணக்கு மட்டும்தான். மூன்று மூன்றாகப் பிரித்து எழுதியிருப்பது நம் வசதிக்கு. பாலிமரேஸுக்கு அந்தப் பிரிவினை தெரியாது, புரதம் என்று ஒன்று இருப்பதும் தெரியாது. காரம் காரத்தோடு ஒட்டுமா என்பதை மட்டும் அது பார்க்கிறது. மரபணுவின் நீளம் சுமார் 7,600 எழுத்து. வினாடிக்கு நாற்பது எழுத்து என்று வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு நிமிடத்தில் ஒரு பிரதி தயார். ஒரு பாலிமரேஸ் முடிக்கும்வரை அடுத்தது காத்திருப்பதும் இல்லை, பின்னாலேயே வந்துவிடும்.

பிறந்த பிரதி அப்படியே வெளியே போவதில்லை. உட்கருவுக்குள்ளேயே அதன் தலையில் ஒரு மூடியும் வாலில் A எழுத்துகளின் நீண்ட வரிசையும் சேர்க்கப்படுகின்றன. பிறகு வெட்டு. 7,600 எழுத்தில் ஏழு இடங்களில் நீண்ட துண்டுகளை எடுத்து எறிந்துவிட்டு, மிஞ்சும் எட்டுத் துண்டுகளை ஒட்டினால் ஏறக்குறைய 1,870 எழுத்துள்ள தூது ஆர்.என்.ஏ. கிடைக்கிறது. முக்கால் பங்கு குப்பைக்குப் போகிறது!

இந்த வெட்டு இருப்பதே 1977 வரை கோழியில் யாருக்கும் தெரியாது. தெரிய வந்ததற்கு இந்த மரபணுதான் காரணம் என்பதால் அதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பியர் ஷாம்போன் குழுவினர் ஓவால்புமின் தூது ஆர்.என்.ஏ.வை வைத்து அதன் டி.என்.ஏ. நகலைச் செயற்கையாகச் செய்து வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட எழுத்து வரிசை கண்ட இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு நொதி அந்த நகலை எங்கேயும் வெட்டவில்லை. அதே நொதியைக் கோழியின் அசல் டி.என்.ஏ.வில் போட்டால், ஓவால்புமின் மரபணு பல துண்டுகளாகப் பிரிந்தது. நகலில் இல்லாத வெட்டிடம் அசலில் எப்படி வந்தது? முட்டைக்குழாயின் டி.என்.ஏ.விலும் இப்படித்தான், முட்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத சிவப்பணுவின் டி.என்.ஏ.விலும் இப்படித்தான். மரபணுவுக்கு நடுவே, தூது ஆர்.என்.ஏ.வில் இடம்பெறாத துண்டுகள் செருகப்பட்டிருக்கின்றன என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. பிறகு தூது ஆர்.என்.ஏ.வை அசல் டி.என்.ஏ.வோடு ஒட்டவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒட்ட ஆளில்லாத ஏழு டி.என்.ஏ. துண்டுகள் ஏழு வளையங்களாகத் துருத்திக்கொண்டு நின்றன. அவையே இன்ட்ரான்கள்.

நம் தூது ஆர்.என்.ஏ. உட்கருத் துளை வழியாக சைட்டோபிளாசத்துக்கு வந்து சேர்கிறது. 1,870 எழுத்து இருந்தாலும் புரதத்துக்கானவை 1,158 மட்டுமே. முன்னால் அறுபது சொச்சம், பின்னால் அறுநூறுக்கு மேல், புரதமாக மாறாத எழுத்துகள். ரைபோசோம் ஏறுவதற்கும், ஆயுளை நிர்ணயிப்பதற்கும் அவை உதவுகின்றன.

வெளியே அதற்காக இரண்டு உறவினர்கள் காத்திருக்கிறார்கள்: ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் கடத்து ஆர்.என்.ஏ.வும். பாடப் புத்தகத்தில் இவை இரண்டும் மொழிபெயர்த்தல் என்ற பகுதியில் வருவதால், அங்கேயே பிறந்தவை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. இல்லை, இரண்டும் உட்கருவில் அதே படியெடுத்தல் வேலையில் பிறந்தவைதான். நொதி மட்டும் வேறு. ஓவால்புமினைப் படியெடுப்பது இரண்டாம் வகை பாலிமரேஸ். ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.க்களை நியூக்ளியோலஸில் முதல் வகை படியெடுக்கிறது, கடத்து ஆர்.என்.ஏ.வை மூன்றாம் வகை. ஆக மூன்று ஆர்.என்.ஏ.வும் படியெடுக்கப்படுகின்றன. மொழிபெயர்க்கப்படுவது ஒன்றே ஒன்று.

இதற்குள் ஒரு அருமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு அதுவே கடைசி உருவம். பத்து லட்சம் வேண்டுமென்றால் பத்து லட்சம் முறை படியெடுக்க வேண்டும். அதனால்தான் அதன் மரபணு நூற்றுக்கணக்கான பிரதிகளாக வரிசை கட்டி நிற்கிறது. கடத்து ஆர்.என்.ஏ.வின் மரபணுக்களும் நூற்றுக்கணக்கில். ஓவால்புமினுக்கு அந்தத் தேவை இல்லை. அதன் ஒரு பிரதியை ஆயிரக்கணக்கான முறை படிக்கலாம், ஒவ்வொரு முறையும் ஒரு புரதம். இரண்டு மரபணு போதுமாக இருப்பதன் ரகசியம் இந்த இரண்டாவது பெருக்கத்தில்தான் இருக்கிறது.

இனி அந்தப் படிப்பைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ரைபோசோமின் சிறிய அலகு தூது ஆர்.என்.ஏ.வின் மூடியைப் பிடித்து, AUG வரும்வரை நகர்கிறது. அங்கே மெத்தியோனின் சுமந்த தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ. வந்து பொருந்த, பெரிய அலகு மேலே வந்து மூடிக்கொள்கிறது. இங்கிருந்துதான் மூவெழுத்துக் கணக்கு உயிர்பெறுகிறது. AUG எங்கே என்பது முடிவானால், அடுத்த 385 குறியன்களின் எல்லையும் முடிவாகிவிடும்.

அடுத்தது GGC, கிளைசினுக்கான குறியன். கிளைசின் என்ற சின்ன மூலக்கூறுக்கும் G, G, C என்ற எழுத்துகளுக்கும் வேதியியலில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. படியெடுத்தலில் காரம் காரத்தை நேரே அடையாளம் கண்டது. இங்கே அது நடக்காது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். எண்பது எழுத்துக்கு முன்பின் நீளமுள்ள கடத்து ஆர்.என்.ஏ. அந்த ஆள். ஒரு முனையில், GGC-க்கு எதிரே பொருந்தும் CCG என்ற எதிர்க்குறியன், மறுமுனையில் கிளைசின். அந்தக் கிளைசினை ஏற்றிவிட்டது அதற்கென்றே உள்ள ஒரு நொதி. இருபது அமினோ அமிலங்களுக்கும் இப்படித் தனித்தனி நொதிகள். எந்தக் குறியனுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதி உண்மையில் இந்த நொதிகளிடம்தான் இருக்கிறது என்பேன். நொதி தவறான சரக்கை ஏற்றிவிட்டால், ரைபோசோமுக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எதிர்க்குறியன் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

மேலே உள்ள வரிசையில் ஐந்தாவது குறியன் GGU. அதுவும் கிளைசின். அதற்கென வேறு கடத்து ஆர்.என்.ஏ. தேவையில்லை. முதல் இரண்டு எழுத்தும் கச்சிதமாகப் பொருந்தினால், மூன்றாவது இடத்தில் G-யும் U-வும் சேர்ந்துகொள்ள ரைபோசோம் அனுமதிக்கிறது. ஆகவே GGC-யைப் படித்த அதே வகை கடத்து ஆர்.என்.ஏ. GGU-வையும் படிக்கிறது. அறுபத்தொரு குறியன்களுக்கு அறுபத்தொரு வகை வேண்டியிராததற்கு இந்தத் தளர்வு ஒரு காரணம்.

முதல் இரண்டில் கண்டிப்பு, மூன்றாவதில் தளர்வு என்பதை ரைபோசோம் எப்படிச் செயல்படுத்துகிறது என்பதற்கான விடை 2000-க்குப் பிறகே தெளிவானது. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜில் தன் குழுவோடு ஒரு பாக்டீரிய ரைபோசோமின் சிறிய அலகை அணு அணுவாகப் படம் பிடித்தார். குறியனும் எதிர்க்குறியனும் சேரும் இடத்தில், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள் திரும்பி வந்து அந்த ஜோடியின் வடிவத்தைத் தடவிப் பார்க்கின்றன. முதல் இரண்டு ஜோடிகளும் சரியான வடிவத்தில் இருந்தால் மட்டுமே அவை சரியாக அமர்கின்றன. மூன்றாவது ஜோடியை அவ்வளவு நெருக்கிப் பார்ப்பதில்லை. பெரிய அலகைப் படம் பிடித்த தாமஸ் ஸ்டைட்ஸ் குழு கண்டதோ இன்னும் வியப்பு. அமினோ அமிலத்தை அமினோ அமிலத்தோடு இணைக்கும் இடத்தைச் சுற்றிப் புரதமே இல்லை, எல்லாம் ஆர்.என்.ஏ. புரதத்தைக் கோக்கும் வேலையைச் செய்வது புரதம் அல்ல, ரைபோசோம் ஆர்.என்.ஏ. இவர்கள் இருவருக்கும் அடா யோனத்துக்கும் சேர்த்து 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ரைபோசோமுக்கும் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கும் கோழி, முயல் என்ற பேதம் கிடையாது. 1971-இல் ராபர்ட் ஷிம்கே குழுவினர் கோழியின் முட்டைக்குழாயிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை, முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்து எடுத்த சாற்றில் போட்டார்கள். அந்தச் சாற்றில் முயலின் ரைபோசோம் உண்டு, முயலின் கடத்து ஆர்.என்.ஏ. உண்டு, கோழியின் மரபணு இல்லவே இல்லை. ஆனாலும் அதில் ஓவால்புமின் தோன்றியது. ஓவால்புமினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளால் அதை உறுதி செய்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்ற தகவல் தூது ஆர்.என்.ஏ.வில், எப்படிச் செய்வது என்ற திறன் மற்ற இரண்டிடம். மூவரின் பங்கையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய சோதனைகள் குறைவு.

ரைபோசோம் வினாடிக்கு ஐந்து குறியன் வீதம் படித்தால், 386 குறியன்களைக் கடக்க ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கடைசியில் வரும் UAA-வுக்குக் கடத்து ஆர்.என்.ஏ. கிடையாது, ஒரு விடுவிப்புப் புரதம் வந்து சங்கிலியை அவிழ்த்துவிடும். பிறகு முன்னால் நின்ற மெத்தியோனினும் கத்தரிக்கப்பட, 385 அமினோ அமிலங்களோடு, கிளைசினை முதலாகக் கொண்டு ஓவால்புமின் நிற்கும். ஆனால் ஒரு ரைபோசோம் முடிக்கும்வரை மற்றவை சும்மா இருப்பதில்லை. சேலம் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி தாண்டிய லாரிகள் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப்போல, ஒரே தூது ஆர்.என்.ஏ.வின் மேல் பன்னிரண்டு ரைபோசோம்கள் வரை ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஆறு, ஆறரை வினாடிக்கு ஒரு ஓவால்புமின் இறங்குகிறது. முட்டையிடும் கோழியில் இந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுள் ஒரு நாள், அதாவது சராசரி ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை நாள். கணக்குப் போட்டால் ஒரு தூது ஆர்.என்.ஏ. தன் வாழ்நாளில் இருபதாயிரம் ஓவால்புமின் வரை செய்துவிட்டுப் போகிறது.

பிழையின் விலையும் இதனால் மாறுகிறது. ரைபோசோம் ஒரு குறியனைத் தப்பாகப் படித்தால் கெடுவது ஒரு புரதம். பாலிமரேஸ் ஒரு எழுத்தைத் தப்பாக வைத்தால், அந்தப் பிரதியிலிருந்து வரும் இருபதாயிரமும் கெடக்கூடும். படியெடுத்தலில் பிழை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலும், மொழிபெயர்த்தலில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலும் இருப்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

பண்ணையில் இந்த இரண்டு வேலையும் தனித்தனியாகக் கெடுவதைப் பார்க்கலாம். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். நம் தூது ஆர்.என்.ஏ.வில் AUG குறியன் பதினேழு இடங்களில் வருகிறது. ரத்தத்தில் மெத்தியோனின் குறைந்தால் அதைச் சுமக்க வேண்டிய கடத்து ஆர்.என்.ஏ. வெறுங்கையோடு நிற்கும், ரைபோசோம் அந்த இடங்களில் காத்துக் கிடக்கும். சுமையில்லாத கடத்து ஆர்.என்.ஏ. பெருகியதைச் செல் உணர்ந்து, புதிய ரைபோசோம்கள் ஏறுவதையும் குறைக்கும். செய்தி கையில் இருந்தும் வேலை நின்றுபோகும் நிலை இது. பண்ணையில் முதலில் தெரிவது முட்டை சிறுத்துப்போவது. எண்ணிக்கை குறைவது பிறகு. வெயில் காலத்தில் கோழி தீவனத்தைக் குறைத்துத் தின்னும்போதும் இதே கதைதான். தீவன மில்களில் டன்னுக்கு ஒன்று, இரண்டு கிலோ மெத்தியோனின் தூளைச் சேர்ப்பதும், கோடையில் கலவையை இறுக்கமாக்குவதும் கடத்து ஆர்.என்.ஏ.வின் கைக்கு வேலை கொடுக்கத்தான்.

பூசணம் பிடித்த மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோ வந்தால் அடி வேறு இடத்தில் விழும். அஃப்ளாடாக்சின் கல்லீரலில் மாற்றமடைந்து டி.என்.ஏ.வின் G-யில் ஒட்டிக்கொள்ளும். பாலிமரேஸ் அங்கே வந்து முட்டி நிற்கும், படியெடுத்தலே தடைப்படும். மஞ்சள்கருவின் புரதங்கள் கல்லீரலில் உருவாகி ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போகிறவை என்பதால் உற்பத்தி சரிகிறது. இந்த நிலையில் மெத்தியோனின் கொட்டிப் பயன் பெரிதாக இராது. சரக்கை மாற்ற வேண்டும், நச்சுப் பிணைப்பான் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிவது சுலபம். தூது ஆர்.என்.ஏ.வின் அளவைப் பார்த்தால் போதும். அது நிறைய இருந்தும் புரதம் குறைவாக இருந்தால் கோளாறு மொழிபெயர்த்தலில். அதுவே குறைந்திருந்தால் கோளாறு அதற்கு முன்னால், படியெடுத்தலிலோ அதன் ஆயுளிலோ.

பண்ணைக்காரர்கள் கையாளும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்து. பாக்டீரியாவின் சிறிய அலகில் கடத்து ஆர்.என்.ஏ. வந்து அமரும் இடத்தை அது அடைத்துவிடும். கோழியின் ரைபோசோமில் அந்த இடம் கொஞ்சம் வேறு மாதிரி, அதனால் கோழி பிழைக்கிறது, கிருமி பட்டினி கிடக்கிறது. ஆனால் மருந்து முட்டைக்குள் தங்கும் என்பதால், கொடுத்த பிறகு குறிப்பிட்ட நாட்கள் முட்டையை விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது.

கடைசியாக, நம் தூது ஆர்.என்.ஏ.வின் முடிவு. இயல்பான நாட்களில் அதன் வாலிலுள்ள A வரிசை மெல்லக் குட்டையாகும். குட்டையாகித் தீர்ந்ததும் தலை மூடி கழற்றப்பட்டு, நொதிகள் எழுத்து எழுத்தாகத் தின்றுவிடும். அந்த எழுத்துகள் மறுபடி உட்கருவில் வேறொரு பிரதிக்குப் போகும். முட்டை போட்டுச் சலித்த கோழிகளை இறகு உதிர்க்க வைக்கும்போது இது சடாரென்று நடக்கும். தீவனம் குறைக்கப்பட்டுச் சினைப்பை சுருங்கி ஈஸ்ட்ரஜன் இறங்கியதும் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது: மரபணு மௌனமாகிறது, இருக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுளும் ஒரு நாளிலிருந்து ஒருசில மணி நேரத்துக்குச் சுருங்குகிறது. மரபணு மௌனமாவது மட்டும் நடந்திருந்தால், பழைய பிரதிகளை வைத்து இன்னும் இரண்டொரு நாளைக்கு வெள்ளைக்கரு வந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்வதால் மேக்னத்தின் சுரப்பிகள் வேகமாக வற்றி, குழாய் முழுவதுமே சிறுத்துப்போகிறது. ஓய்வு முடிந்து ஈஸ்ட்ரஜன் மறுபடி ஏறும்போது, அதே இரண்டு பிரதி மரபணுவிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும்.